6 லட்சம் ரூபாயை இரு நிதியாண்டுகளாகப் பிரித்து எடுத்த அனுபவம்

2025 ஏப்ரல் நடுவில் வீட்டின் மாடிக்குக் காங்கிரீட் போடுவதாக இருந்தது. அதற்கு 6 லட்சம் ரூபாய் தேவைப்பட்டது. 2019 ஏப்ரல் முதல் 2025 பிப்ரவரி வரை மாதம் 10,000 ரூபாய் வீதம் 71 தவணைகளாக ஒரு பங்குசார் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. கட்டியிருந்தேன். கட்டிய தொகை 7,10,000 ரூபாய். மார்ச் மாதத்தில் அதன் மதிப்பு ஏறத்தாழ 10,86,000 ரூபாயாக இருந்தது. அந்தப் பணத்தை எடுப்பதற்குள் நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். கணக்கு எளிதாக விளங்குவதற்காக ஒரு யூனிட்டின் மதிப்பை, அதாவது என்.ஏ.வி.யை, 100 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்துக்கொள்கிறேன்.

சட்டத்தின் நிலை இதுதான். பங்குசார் ஃபண்டின் யூனிட்டை வாங்கி 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் கிடைப்பது நீண்ட கால மூலதன ஆதாயம். அதில் ஒரு நிதியாண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை வரியில்லை. அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 12.5 சதவீத வரியும் அதன் மீது 4 சதவீத செஸ்ஸும் உண்டு. 12 மாதங்களோ அதற்குக் குறைவாகவோ வைத்திருந்து விற்றால் ஆதாயம் முழுவதற்கும் 20 சதவீத வரி. இந்த விகிதங்கள் 2024 ஜூலை 23 முதல் நடைமுறைக்கு வந்தவை. எஸ்.ஐ.பி.யில் ஒவ்வொரு தவணையும் தனித்தனிக் கொள்முதல் என்பதால், முதல் தவணைக்கு ஆறு ஆண்டு வயதாகியிருந்தாலும் கடைசித் தவணைக்கு ஒரு மாத வயதுதான். கடன்சார் ஃபண்டுகளுக்கு இவை பொருந்தா. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய அத்தகைய யூனிட்டுகளை எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் ஆதாயம் அவரவர் வருமான வரி விகிதத்திலேயே சேரும்.

நான் முதலில் செய்த கணக்கு தவறானது. மொத்த மதிப்பில் ஆதாயத்தின் பங்கு சுமார் 35 சதவீதம். ஆகவே 6 லட்சம் எடுத்தால் ஆதாயம் 2,08,000 ரூபாய் என்று எண்ணினேன். என் முதலீட்டைக் கவனித்துவந்த வங்கி அலுவலரும் அதே எண்ணைத்தான் சொன்னார். பிறகு ஃபண்டின் யூனிட் கணக்குகளைப் பராமரிக்கும் பதிவாளர் நிறுவனத்தின் இணையதளத்தில் தவணைவாரியான விவரத்தைத் தரவிறக்கிப் பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. விற்கும்போது சராசரி விலை கணக்கில் வருவதில்லை. முதலில் வாங்கிய யூனிட்டே முதலில் வெளியேறும். என் பழைய யூனிட்டுகளே மிக மலிவானவை. 2019-20 இல் கட்டிய 1,20,000 ரூபாய்க்குச் சராசரியாக 44 ரூபாய் விலையில் 2,727 யூனிட்டுகளும், அடுத்த ஆண்டு கட்டிய அதே தொகைக்கு 48 ரூபாய் விலையில் 2,500 யூனிட்டுகளும் கிடைத்திருந்தன. நான் எடுக்கவேண்டிய 6,000 யூனிட்டுகளில் பெரும்பகுதி இவைதாம் என்பதால், உண்மையான ஆதாயம் ஏறத்தாழ 3,05,000 ரூபாய். அதில் 1,25,000 போக மீதி 1,80,000 ரூபாய்க்கு 12.5 சதவீதம் என்றால் 22,500 ரூபாய். செஸ் 900 சேர்த்து 23,400 ரூபாய்.

நீண்ட காலம் எஸ்.ஐ.பி. கட்டியவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். செயலியில் தெரியும் மொத்த ஆதாயச் சதவீதத்தைக் கொண்டு வரியை ஊகித்தால், பழைய யூனிட்டுகள் மலிவாக இருக்கும்வரை, முதலில் எடுக்கும் தொகைக்கு அது குறைவாகவே காட்டும்.

1,25,000 ரூபாய் விலக்கு நிதியாண்டுக்கு ஒருமுறை என்பதால், மார்ச்சில் ஒரு பகுதியும் ஏப்ரலில் மறு பகுதியும் எடுத்தால் சில நாள் இடைவெளியில் இரண்டு விலக்குகள் கிடைக்கும். அதன்படி மார்ச்சில் 2,200 யூனிட்டுகளை, அதாவது 2,20,000 ரூபாயை, எடுப்பதென முடிவு செய்தேன். அதன் ஆதாயம் சுமார் 1,22,000 ரூபாய். நேரடிப் பங்குகளை விற்ற நீண்ட கால ஆதாயமும் இதே விலக்குக்குள்தான் அடங்கவேண்டும் என்பதால், அவ்வாண்டில் வேறு விற்பனை இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன். விற்கும் நாளின் என்.ஏ.வி. முன்கூட்டித் தெரியாது, ஆகவே 3,000 ரூபாய் இடைவெளி விட்டேன்.

மீதி 3,80,000 ரூபாயையும் அதே ஃபோலியோவிலிருந்து, அதாவது அதே முதலீட்டுக் கணக்கிலிருந்து, ஏப்ரலில் எடுத்தால் ஆதாயம் 1,83,000 ஆகி, 7,540 ரூபாய் வரி வந்திருக்கும். அதைக் குறைக்க என் இரண்டாவது ஃபோலியோ உதவியது. 2023 செப்டம்பரில் அதே ஃபண்டில் 91 ரூபாய் விலையில் மொத்தமாக 2 லட்சம் ரூபாய் போட்டிருந்தேன். வரிசைக் கணக்கு ஒவ்வொரு ஃபோலியோவுக்கும் தனித்தனியாக நடப்பதால், பழைய ஃபோலியோவைத் தொடாமல் இந்தப் புதிய யூனிட்டுகளை விற்க முடிந்தது. அதிலிருந்து 2,000 யூனிட்டுகள்: ஆதாயம் 18,000 ரூபாய் மட்டுமே. பழைய ஃபோலியோவிலிருந்து 1,800 யூனிட்டுகள்: ஆதாயம் சுமார் 1,04,000. இரண்டும் சேர்ந்து 1,22,000. ஆக, இரண்டு ஆண்டுகளிலும் வரியில்லை.

தேதியில் ஒரு கண்ணி இருந்தது. விற்பனை எந்த நிதியாண்டில் சேரும் என்பதை, பணம் வங்கிக்கு வரும் நாள் தீர்மானிப்பதில்லை. எந்த நாளின் என்.ஏ.வி. கிடைக்கிறதோ அந்த நாளே தீர்மானிக்கிறது. பிற்பகல் 3 மணிக்குள் கொடுத்தால் அன்றைய மதிப்பு, தாண்டினால் அடுத்த வணிக நாளின் மதிப்பு. 2025 மார்ச் 29, 30 சனி, ஞாயிறு. 31 ரம்ஜான் விடுமுறை. எனவே மார்ச் 28 வெள்ளிக்கிழமை 3 மணியே அந்த நிதியாண்டின் கடைசி வாய்ப்பு. அதைத் தவறவிட்டிருந்தால் இரண்டு பகுதிகளும் ஒரே ஆண்டில் விழுந்து, முழுத் திட்டமும் பயனற்றுப் போயிருக்கும். நான் மார்ச் 24 அன்றே காலையில் விண்ணப்பித்தேன். இரண்டாம் பகுதிக்கு ஏப்ரல் 2 அன்று விண்ணப்பித்தேன்.

இந்த வழியில் ஆபத்தும் உண்டு. ஏப்ரல் 7 அன்று நிஃப்டி ஒரே நாளில் 3 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. அதுவரை நான் காத்திருந்தால், 3,80,000 ரூபாயில் அந்த ஒரு நாளில் மட்டும் 11,000 ரூபாய்க்கு மேல் கரைந்திருக்கும். மார்ச் 24 முதல் ஏற்பட்ட இறக்கத்தையும் சேர்த்தால், மிச்சப்படுத்திய வரிக்கு ஈடான தொகையே போயிருக்கும். இடைவெளி ஒன்றரை வாரம் என்பதால்தான் இதைச் செய்தேன். ஜனவரியில் பணம் தேவைப்பட்டிருந்தால், வரிக்காக மூன்று மாதம் சந்தையில் காத்திருக்கத் துணிந்திருக்க மாட்டேன்.

இதற்கிடையில், முகவர் வழியாக வாங்கும் ரெகுலர் திட்டத்திலிருந்து முகவர் இல்லாமல் வாங்கும் டைரக்ட் திட்டத்துக்கு எல்லாவற்றையும் ஸ்விட்ச் செய்துவிடும்படி நண்பர் ஒருவர் சொன்னார். ஒரே ஃபண்டுக்குள் மாறினாலும் அது விற்பனையாகவே கருதப்பட்டு ஆதாயம் முழுவதும் அவ்வாண்டிலேயே கணக்கில் வரும் என்பதால் தவிர்த்தேன்.

வரி இல்லை என்பதற்காக விவரத்தைக் காட்டாமல் விட முடியாது. விற்பனைத் தொகை வருமான வரித் துறையின் ஏ.ஐ.எஸ். என்னும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் தெரிகிறது. வேறு ஆதாயம் இல்லாத, முந்தைய நட்டம் எதையும் முன்கொண்டு செல்லாத சம்பளக்காரர்கள், 1,25,000 ரூபாய்க்குள் இருக்கும் இந்த வகை ஆதாயத்தை 2025-26 மதிப்பீட்டு ஆண்டு முதல் ஐ.டி.ஆர்.-1 படிவத்திலேயே காட்டலாம். நானும் பதிவாளரின் மூலதன ஆதாய அறிக்கையில் உள்ள கொள்முதல், விற்பனைத் தொகைகளை அதில் குறிப்பிட்டுத் தாக்கல் செய்தேன்.