தண்ணீர் ஏன் −80-இல் கொதிக்கவில்லை: சில நாள் குறிப்புகள்

ஜூன் 10

இன்று பதினோராம் வகுப்பில் கொதிநிலைப் பாடம். பலகையில் மூன்று பெயர்களை மட்டும் எழுதினேன். ஹைட்ரஜன் டெல்லூரைடு −2 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஹைட்ரஜன் செலினைடு −41-இல், ஹைட்ரஜன் சல்ஃபைடு −60-இல். மூன்றுமே தண்ணீர் போலத்தான்: நடுவில் ஒரே குடும்பத்து அணு, இரண்டு பக்கமும் ஹைட்ரஜன். தனிம அட்டவணையில் அந்தக் குடும்பத்தில் கீழிருந்து மேலே வர வர மூலக்கூறு சிறிதாகிறது, எலக்ட்ரான்கள் குறைகின்றன. அதனால் மூலக்கூறுகளுக்கு இடையிலான லண்டன் விசையும் தளர்கிறது, கொதிநிலை இறங்குகிறது.

"தெரிந்த எண்ணை மறந்துவிட்டு, இந்த வரிசையை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். தண்ணீர் எங்கே கொதிக்க வேண்டும்?" என்று கேட்டேன். −70, −80 என்று பதில்கள் வந்தன. சரியான கணிப்புதான். தண்ணீர் அந்தக் கணிப்பைவிட 170 டிகிரிக்கும் மேலே போய்க் கொதிக்கிறது. காரணம் ஹைட்ரஜன் பிணைப்பு என்று சொல்லி முடிக்கும்போது மணி அடித்துவிட்டது.

வெளியே வரும்போது ஒரு மாணவி கேட்டாள்: "சார், கொதிக்கும்போது ஹைட்ரஜன் பிணைப்பு உடையுதுன்னா, குமிழிக்குள்ள இருக்கிறது ஹைட்ரஜன் வாயுவா?"

ஜூன் 11

அந்தக் கேள்வியோடுதான் இன்று தொடங்கினேன். குழப்பத்துக்குக் காரணம் பெயர். ஹைட்ரஜன் பிணைப்பு என்றதும் மூலக்கூறுக்குள் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கும் சகப்பிணைப்புதான் நினைவுக்கு வருகிறது. நாம் பேசுவது அதையல்ல. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனுக்கும் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள ஈர்ப்பு அது.

உள்ளே இருக்கும் சகப்பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 460 கிலோஜூல் வேண்டும். வெளியே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்குச் சுமார் 20 போதும். அடுப்புச் சூடு இரண்டாவதைத்தான் அவிழ்க்கிறது. குமிழிக்குள் இருப்பது முழு மூலக்கூறுகளாகவே இருக்கும் நீராவி. ஆவிக்கு மேலே குளிர்ந்த கரண்டியைப் பிடித்தால் தண்ணீர்த் துளிகளாகவே படிகிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்திருந்தால் கரண்டியில் எதுவும் படிந்திருக்காது.

ஜூன் 12

ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் பலமாக இழுக்கும். கந்தகம் அவ்வளவு இழுக்காது. இந்த இழுப்பை அளக்கும் பவுலிங் அளவுகோலில் ஹைட்ரஜன் 2.20, கந்தகம் 2.58, ஆக்சிஜன் 3.44. ஆகவே தண்ணீரில் ஹைட்ரஜன் கொஞ்சம் நேர்மின்னாகவும் ஆக்சிஜன் கொஞ்சம் எதிர்மின்னாகவும் இருக்கின்றன.

பெரும்பாலும் விளக்கம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. "முனைவுள்ள மூலக்கூறு, அதனால் ஒட்டிக்கொள்கிறது" என்றால் போதாது. ஃபார்மால்டிஹைடை எடுத்துக்கொள்ளுங்கள். முனைவின் அளவான இருமுனை திருப்புத்திறன் அதற்கு 2.3 டிபை, தண்ணீருக்கு 1.85தான். எடையிலும் ஃபார்மால்டிஹைடுதான் கூட. ஆனால் அது −19 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது! அதன் ஹைட்ரஜன்கள் கார்பனோடு சேர்ந்திருக்கின்றன. கார்பன் அவற்றிடமிருந்து எலக்ட்ரான்களைப் பெரிதாக இழுப்பதில்லை.

ஹைட்ரஜனுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. அதற்கு உள் அடுக்கு எலக்ட்ரான்களே கிடையாது. இருக்கும் ஒரே எலக்ட்ரானை ஆக்சிஜன் இழுத்துக்கொண்டால், மறுபக்கம் புரோட்டான் கிட்டத்தட்ட மூடாமல் நிற்கிறது. பக்கத்து ஆக்சிஜனில் பிணைப்பில் சேராமல் இருக்கும் தனித்த எலக்ட்ரான் இரட்டை அதன் மிக அருகே வர முடிகிறது. மின் ஈர்ப்பில் இந்த நெருக்கம்தான் பெரிய விஷயம். கந்தகத்தின் தனித்த இரட்டைகளோ பெரிய இடத்தில் பரவிக் கிடக்கின்றன, பிடிமானம் குறைவு.

இதைக் காட்ட எனக்கு மிகவும் பிடித்த ஜோடி எத்தனாலும் டைமெத்தில் ஈதரும். இரண்டுக்கும் வாய்பாடு C₂H₆O, எடையும் ஒன்றுதான். எத்தனாலில் ஒரு ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு இருக்கிறது, ஈதரில் எல்லாமே கார்பனோடு. எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கிறது, ஈதர் −24-இல். ஒரே ஒரு ஹைட்ரஜன் இடம் மாறியதற்கு நூறு டிகிரி.

ஜூன் 14

இன்று கேட்டது வேறொரு மாணவன். நன்றாக யோசித்து வந்திருந்தான். "ஃபுளூரின் ஆக்சிஜனைவிட அதிகமா இழுக்குமே சார்? அப்போ ஹைட்ரஜன் ஃபுளூரைடுதானே மேல போகணும்? அது 19.5 டிகிரிலயே கொதிக்குதே?"

தனிப் பிணைப்பாகப் பார்த்தால் அவன் சொல்வது சரி, ஹைட்ரஜன் ஃபுளூரைடின் பிணைப்பு வலுவானது. விடை எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு ஹைட்ரஜன் பிணைப்புக்குக் கொடுக்க ஒரு ஹைட்ரஜனும் வாங்க ஒரு தனித்த இரட்டையும் வேண்டும். ஹைட்ரஜன் ஃபுளூரைடில் தனித்த இரட்டைகள் மூன்று, ஹைட்ரஜன் ஒன்றுதான். அம்மோனியாவில் இதற்கு நேர்மாறு: ஹைட்ரஜன் மூன்று, தனித்த இரட்டை ஒன்று. இரண்டிலும் மூலக்கூறுக்குச் சராசரியாக ஒரு பிணைப்புக்கு மேல் தேறாது. தண்ணீரில் இரண்டு ஹைட்ரஜன், இரண்டு தனித்த இரட்டை, எதுவும் மிச்சமில்லை. ஒரு மூலக்கூறு நான்கு பிணைப்புகளில் பங்கெடுக்கலாம். ஒவ்வொன்றையும் இருவர் பகிர்வதால் கணக்குக்கு மூலக்கூறுக்கு இரண்டு.

இரண்டு பிணைப்பு, ஒவ்வொன்றும் 20 என்றால் மோலுக்கு 40 கிலோஜூல். தண்ணீரின் ஆவியாதல் வெப்பம் 40.7. பொருந்துவது பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது, ஆனால் இது தோராயம் என்பதை அவர்களிடம் அழுத்திச் சொன்னேன். திரவத்தில் நான்கும் எப்போதும் முழுதாக இருப்பதில்லை. பிணைப்புகள் நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் அறுந்து வேறு துணையோடு சேர்கின்றன. லண்டன் விசையும் கொஞ்சம் உண்டு.

ஜூன் 15

நேற்று ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். ஹைட்ரஜன் ஃபுளூரைடு கொதிக்கும்போது தன் பிணைப்புகளை முழுக்க விடுவதில்லை. கொதிநிலைக்கு அருகில் அதன் ஆவியை எடை போட்டு மூலக்கூறு நிறையைக் கணக்கிட்டால் 20 வர வேண்டும். வருவதோ அதன் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. சங்கிலிகளாகவும் வளையங்களாகவும் சேர்ந்தபடியே ஆவியாகிவிடுகிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் அறுக்க வேண்டியதில்லை என்பதால் சீக்கிரமே கிளம்பிவிடுகிறது. நீராவியில் அப்படி இல்லை, அநேகமாக எல்லாம் தனித்தனி மூலக்கூறுகள்.

ஜூன் 17

கொதிநிலை என்பது ஆவியாதல் வெப்பத்தை, ஆவியாகும்போது கூடும் ஒழுங்கின்மையின் அளவான ஆவியாதல் என்ட்ரோபியால் வகுத்தால் வரும் கெல்வின் எண். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு மோலுக்கு 18,700 ஜூல், என்ட்ரோபி 88. வகுத்தால் 212.5 கெல்வின், அதாவது −60-ஐ ஒட்டி. தண்ணீருக்கு 40,700-ஐ 109-ஆல் வகுத்தால் 373 கெல்வின். நாம் அறிந்த 100 டிகிரி.

பல சாதாரணத் திரவங்களுக்கு அந்த என்ட்ரோபி 85, 88 என்றே வரும். தண்ணீருக்கு மட்டும் ஏன் 109? பிணைப்புகள் மூலக்கூறுகளைத் திசை பார்த்து நிறுத்தி வைக்கின்றன. திரவத்திலேயே ஒழுங்கு அதிகம். அதனால் ஆவியாகும்போது கிடைக்கும் விடுதலையும் அதிகம். அந்த ஆதாயம் கொதித்தலைச் சற்று எளிதாக்குகிறது. ஹைட்ரஜன் பிணைப்பு ஒரு கையால் கொதிநிலையை உயர்த்தி, மறு கையால் கொஞ்சம் கீழே இழுக்கிறது.

எவ்வளவு கீழே? வெப்பம் இதேதான், என்ட்ரோபி மட்டும் 88 என்று வைத்துப் பார்த்தேன். 40,700-ஐ 88-ஆல் வகுத்தால் 462 கெல்வின், 189 டிகிரி செல்சியஸ். நாளை பலகையில் 189 என்று எழுதிவிட்டு, மீதி 89 டிகிரி எங்கே போனது என்று அந்த இருவரிடமும் முதலில் கேட்கப் போகிறேன்.