சரிவைப் படுக்கப் போட்டால் நிற்குமா?

மண்ணியல் ஆலோசனை அலுவலகத்தில் சேர்ந்த மூன்றாவது வருஷம் நடந்தது இது. சென்னைக்கு வடக்கே கடலோரமாக ஒரு தொழிற்சாலைக்குத் தண்ணீர் எடுக்கும் பெரிய குழி. அடி அகலமே 40 மீட்டர், ஆழம் 5 மீட்டர். பக்கங்களை ஒன்றுக்கு ஒன்று, அதாவது 45 டிகிரியில் சரித்து வெட்டுவதாகத் திட்டம். மண் முழுக்கக் கடல் களி. மேலே ஒன்றரை மீட்டர் வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்த ஓடு. அதற்குக் கீழே விரலால் அமுக்கினால் குழிகிற கருஞ்சாம்பல் நிறச் சேறு. 10 மீட்டர் ஆழத்தில்தான் கெட்டி மணல் வரும்.

கம்ப்யூட்டரில் விரிவான கணக்குப் போட இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். ஒப்பந்ததாரர் எக்ஸ்கவேட்டரை இறக்கிவிட்டு வாடகை ஏறுகிறதே என்று கத்திக்கொண்டிருந்தார். எங்கள் சீனியர் என்னிடம், மண் சரிவு நிற்குமா என்று கையாலேயே கணக்குப் பார்க்க உதவும் டெய்லர் சார்ட்டின் ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுத்து, "இதுல பாத்து சாயங்காலத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லு" என்றார். எம்.ஐ.டி.யில் இருந்த டொனால்ட் டெய்லர் 1937-ல் வெளியிட்டது. களிமண்ணை வெட்டியவுடன் அதற்குள் இருக்கும் தண்ணீர் வெளியேற நேரமில்லை என்ற நிலைக்கு, அதில் ஒரே ஒரு எண்தான் தேவை:

F = c / (N · γ · H)

c என்பது களியின் வெட்டு வலிமை, γ அதன் எடை, H வெட்டும் ஆழம். N-ஐ சார்ட்டில் பார்த்து எடுக்க வேண்டும். F-தான் பாதுகாப்புக் காரணி. ஒன்றைத் தொட்டால் சரிவு விழும்.

இறக்கை வைத்த கம்பியைக் களிக்குள் இறக்கித் திருகி வலிமையை அளக்கும் வேன் ஷியர் சோதனையின் முடிவுகள் கையில் இருந்தன. இவ்வளவு பிளாஸ்டிக் தன்மையுள்ள களியில் வேன் காட்டும் வலிமையை அப்படியே எடுக்கக் கூடாது. நார்வே மண்ணியல் நிபுணர் பியெரம் 1972-ல் சொன்ன திருத்தம் அங்கே சுமார் 0.8 வந்தது. திருத்திய பிறகு 1 மீட்டரில் 38, 3-லும் 5-லும் 17, 7-ல் 18, 9-ல் 20 கிலோபாஸ்கல். நான் ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தேன். 22. களியின் எடை கன மீட்டருக்கு 16 கிலோநியூட்டன், ஆழம் 5, ஆக 80. 45 டிகிரிக்கு N 0.177. கணக்கு 1.55 என்று வந்தது. சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன்.

சீனியர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "38-ஐ எதுக்குப்பா சேர்த்த?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவர் பென்சிலால் ஒரு பெரிய வட்ட வில்லை வரைந்தார். குழிக்குப் பின்னால் தரையில் இறங்கி, 10 மீட்டரில் கெட்டி மணலைத் தொட்டு, குழியின் தரை நடுவில் மேலே வந்தது அது. "இந்த வில்லு எவ்வளவு தூரம் ஓட்டுக்குள்ள போகுது? ஒன்றரை மீட்டர். மிச்சமெல்லாம் கீழ் சேத்துலதான். அந்த ஓடும் வெடிச்சுக் கிடக்கு, மழை பெஞ்சா வெடிப்புல தண்ணி நிக்கும். அது தாங்காது, தள்ளும்." 38-ஐ விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் 18. F 1.27-க்கு இறங்கியது.

ஒரே சார்ட்டு, ஒரே மண், ஒரு எண்ணைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் 1.55-ம் 1.27-ம். சார்ட்டைப் பற்றி யாராவது "அது ரஃப் கணக்கு சார்" என்று சொன்னால் எனக்கு இந்த நாள்தான் ஞாபகம் வரும். அந்தப் பிழை சார்ட்டில் இல்லை. விரிவான மென்பொருளில் அந்த 22-ஐ ஊட்டியிருந்தால், அதே தப்பை மூன்று தசம இலக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்திருக்கும்.

1.27 போதாது, கொஞ்சம் சரிவைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் எழுதினேன். அது இன்னொரு தப்பு என்று அப்போது தெரியவில்லை. கடிதம் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் ஒரு பக்கத்தை 45 டிகிரியிலேயே வெட்டிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து சைட் என்ஜினியரிடமிருந்து ஃபோன். இரவு மழை, பின்னால் வெடிப்பு. நான் போனபோது வெடிப்பு குழியின் விளிம்பில் இல்லை. நான் விளிம்பையே பார்த்துக்கொண்டு நடந்து, கால் தடுக்கியபோதுதான் பார்த்தேன், விளிம்பிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் தள்ளி, கைவிரல் நுழைகிற அகலத்தில், குழிக்கு இணையாக ஓடியது. நடுவில், வெட்டியெடுத்த களியை டிப்பர் வரும்வரை என்று ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் குவித்து வைத்திருந்தார்கள். குழிக்குள் இறங்கினால், சரிவின் அடியிலிருந்து வெகுதூரம் தள்ளித் தரை லேசாக உப்பியிருந்தது. மேஸ்திரி மட்டம் பார்க்க அடித்திருந்த முளைகளில் நடுவரிசை ஒரு சாண் உயர்ந்து நின்றது. யாரோ தப்பாக அடித்துவிட்டதாக அவர் நினைத்திருந்தார்.

வெடிப்பு பின்னால் தூரத்தில், உப்பல் முன்னால் தூரத்தில். சீனியர் பென்சிலால் வரைந்த வில்தான் அது. சரிவின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

ஒப்பந்ததாரர் என்னைப் பார்த்ததும், "சார், நீங்க சொன்ன மாதிரியே இன்னும் படுக்கப் போட்டுடறேன். முப்பது டிகிரி போதுமா?" என்றார். போதும் என்று வாய் வரை வந்தது. அதற்குள் சீனியர் குறுக்கிட்டு, "போட்டா என்ன ஆகும்னு முதல்ல பாத்துடலாம்" என்றார். ஜீப் பானட் மேல் ஜெராக்ஸை விரித்தோம்.

கெட்டி மண் எவ்வளவு ஆழத்தில் என்பதை வெட்டும் ஆழத்தால் வகுத்தால் வருவது ஆழக் காரணி. இங்கே 10-ஐ 5-ஆல் வகுத்து 2. அந்தக் கோட்டில் 45 டிகிரிக்கு N 0.177, 30 டிகிரிக்கு 0.172. அவ்வளவுதான் வித்தியாசம்! F 1.27-லிருந்து 1.31. இன்னும் படுக்கவைத்து 15 டிகிரி போனால் 0.150, F 1.5. கெட்டி மண் மட்டும் குழியின் தரையிலேயே இருந்திருந்தால் கதை வேறு. அப்போது 45 டிகிரிக்கு 0.164, 30-க்கு 0.133. F 1.37-லிருந்து 1.69-க்குத் தாவும். மலைச்சாலைகளில், கீழே பாறை இருக்கும் இடங்களில் படுக்கப் போட்டால் நிற்கும் என்ற பழக்கம் நமக்கெல்லாம் ஊறிப்போயிருக்கிறது. அது அங்கே சரி. ஆழமான சேற்றில் களி சரிவின் வழியாக வழுக்குவதில்லை, மொத்தமாகச் சுழல்கிறது.

ஏன் என்று சீனியர் விளக்கியது இன்றைக்கும் நான் மற்றவர்களுக்குச் சொல்வது. அந்த ஆழமான வட்டத்தின் மையம் சரிவின் நடுவுக்கு நேர் மேலே நிற்கும். ஒரு ஏத்தத்தைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்க மண் கீழே அழுத்துகிறது, குழித்தரை மேலே எழுகிறது, நடுத்தூண் சரிவின் மத்தியில். சரிவைப் படுக்கப் போடும்போது நாம் எடுக்கிற மண் எங்கே இருக்கிறது? நடுத்தூணுக்குப் பக்கத்திலேயே. அங்கே எவ்வளவு எடுத்தாலும் ஏத்தம் அசையாது. ஏத்தத்தின் பின்முனையில் உட்கார்ந்திருப்பது அந்த மண் குவியல்.

அதற்கும் சார்ட்டிலேயே ஒரு தோராயம் பார்த்தோம். குவியலையும் சேர்த்து ஆழம் 6.5 என்று எடுத்தால், ஆழக் காரணி 1.8-க்குச் சற்றுக் கீழே, N கிட்டத்தட்ட 0.175. F 0.99. குவியல் அவ்வளவு அகலமாக இல்லை, ஆகவே உண்மை கொஞ்சம் மேலே இருந்திருக்கும். ஆனால் வெடிப்பு ஏன் வந்தது என்று மேலும் யோசிக்கத் தேவையில்லை. அன்றைக்கு மாலைக்குள் குவியலை ஒப்பந்ததாரர் செலவிலேயே அப்புறப்படுத்தச் சொன்னார் சீனியர். ஒப்பந்ததாரர் முகம் சுருங்கியது. அதில் அவருக்குத்தான் நஷ்டம், எங்கள் கடிதத்தில் குவியலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே என்று அவர் கேட்டதும் நியாயம்தான்.

குவியல் போனாலும் மறுபடி அதே 1.27. மிச்சத்துக்கு என்ன வழி? பின்பக்கத் தரையையே ஒரு மீட்டர் வழித்து எடுப்பது. விளிம்பிலிருந்து 15 மீட்டர் அகலத்துக்கு. குறுக்கிவிட்டால் வட்டத்தின் பின்முனை அதற்கு வெளியே தப்பிவிடும், வழித்தது வீண். அப்படிச் செய்தால் சரிவின் உயரம் 4, ஆழக் காரணி 2.25, N 0.178, 45 டிகிரியிலேயே F 1.58. நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 15 கன மீட்டர் மண் எடுக்க வேண்டும். சரிவை 15 டிகிரிக்குப் படுக்கப் போட்டால் 34 கன மீட்டர், கிடைப்பது 1.5 மட்டும். ஒப்பந்ததாரர் இந்த இரண்டு எண்களையும் கையிலேயே எழுதிக்கொண்டார். மற்றதெல்லாம் அவருக்கு அவசியப்படவில்லை.

வழித்ததில் போனது பெரும்பாலும் அந்த வெடித்த ஓடுதான். 38 கிலோபாஸ்கல் இருந்த ஓட்டையே தூக்கி எறிகிறோமே என்று எனக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. கணக்கில் அதை ஏற்கெனவே விட்டுவிட்டோம் என்பதால் இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து மென்பொருள் கணக்கு வந்தது. மிச்சமிருந்த ஓட்டின் வெடிப்பில் தண்ணீர் நிரம்பியதாக வைத்து 1.5-க்குச் சற்றுக் கீழே. சுழலும் வட்டம் அதே இடத்தில், கெட்டி மணலைத் தொட்டுக்கொண்டு. குழித்தரையில் முளைகளைப் புதிதாக அடித்து, தினமும் காலையில் மட்டம் எடுக்கச் சொல்லியிருந்தோம். முதல் வாரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏறியது, பிறகு நின்றுவிட்டது.

ஆறு மாதத்தில் கட்டி முடித்து மண் நிரப்பிவிடுவதாகத்தான் பேச்சு. பணம் தாமதமாகி, குழி அடுத்த மழைக்காலத்துக்கும் திறந்தே கிடக்கும் என்று கடிதம் வந்தது. அந்த 1.58-ஐ மறுபடியும் எழுதித் தரக் கேட்டிருந்தார்கள். தர மறுத்தோம். வெட்டிய களி, மேலிருந்த பாரம் போனதால், மெல்லத் தண்ணீரை உறிஞ்சி உப்பும், உப்ப உப்ப வலிமை குறையும். லண்டன் களியில் ரயில்பாதைக்கு வெட்டிய சரிவுகள் பல பத்தாண்டுகள் நின்று பிறகு விழுந்திருக்கின்றன. வெட்டிய அன்றைக்கு எடுத்த 18 கிலோபாஸ்கலுக்கு அடுத்த வருஷ மழையில் அர்த்தமில்லை. களிக்குள் நீரழுத்தத்தை அளக்கக் குழாய்கள் இறக்கி, வேறு கணக்கைப் புதிதாகத் தொடங்கினோம். டெய்லரின் ஜெராக்ஸ், ஜீப் பானட்டின் சூட்டில் ஓரம் சுருண்டு, என் மேசை இழுப்பறையில் போய்விட்டது.