பதவி உயர்வு இல்லை என்று எழுதிய கடிதம்

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருக்கிறேன். ட்ரையர் பகுதியில் 6 வருடம் வேலை செய்த தம்பி ஒருவர் உதவி டீமேக்கர் பதவி கேட்டு எழுதியிருந்தார். இப்போதைக்குத் தர முடியாது. அதைக் கடிதமாக எழுதுவது என் தலையில் விழுந்தது.

முதலில் "தற்போது வெற்றிடம் இல்லை" என்று எழுதினேன். பொய். வெற்றிடம் இருந்தது, அவருக்கும் தெரியும். கிழித்துவிட்டு, "பொறுப்புணர்வு போதாது" என்று எழுதினேன். அது இன்னும் மோசம். அதைப் படித்துவிட்டு ஒரு மனிதன் நாளை காலையில் எதைத் திருத்துவான்?

உண்மைக் காரணம் கொழுந்தை வாட்டும் மாடியில் இருந்தது. இரவு ஷிப்டில் கொழுந்து போதிய அளவு வாடிவிட்டதா என்று முடிவெடுப்பது உதவி டீமேக்கர்தான். மழைக்காலத்தில் இலை மேலேயே தண்ணீர் நிற்கும். வாடாமல் உருட்டினால் சாறு வழிந்து போகும், அவசரப்பட்டுச் சூடான காற்றைக் கூட்டினால் இலை சிவக்கும். ஜூனில் அவர் மாடியைப் பார்த்துக்கொண்ட இரவுகளில் 4 நாள் வாட்டல் புத்தகம் வெறுமையாக இருந்தது. அந்தத் தேதிகளைக் கடிதத்தில் அப்படியே எழுதினேன். ட்ரையரில் அவர் கை சுத்தம், அதையும் எழுதினேன். அவரை அங்கேயே வைத்துக்கொண்டு மாடி வேலையைப் பழக்காதது என் தவறு என்று ஒரு வரி சேர்த்தேன். பெரிய கிளாக்கருக்கு அந்த வரி பிடிக்கவில்லை. சரி, இருக்கட்டும் என்று விட்டேன்.

அப்புறம் பயிற்சி. வாரம் இரண்டு இரவு என்னோடு மாடியில். ஒரு கிலோ பச்சைக் கொழுந்தை வலைப்பையில் கட்டி மற்றக் கொழுந்தோடு போட்டு, காலையில் நிறுக்க வேண்டும். எங்கள் உருட்டலுக்கு 480 கிராம் அளவில் நின்றால் நல்லது; 560 என்றால் இன்னும் பச்சை. நிறுக்கும் முன் தன் கணிப்பைப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். கடிதத்தை, "நவம்பரில் இந்தப் புத்தகத்தை வைத்து விண்ணப்பத்தை மீண்டும் பரிசீலிப்போம்" என்று முடித்தேன். "தருவோம்" என்று எழுதினால் அது வாக்குறுதி; நாளைக்கு யூனியன் அந்தத் தாளோடுதான் வரும்.

கடிதத்தைக் கையெழுத்திடாமலே கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு தரம் படித்தார்.

"சேர், இந்த நாலு நாள்ல ரெண்டு நாள் ராத்திரி முழுக்க கரண்ட் இல்ல. மின்விசிறியே ஓடல. என்னத்த எழுத?"

ஜெனரேட்டர் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்த இரண்டு இரவும் ஜெனரேட்டரும் பழுது. 4 என்பதை 2 ஆக்கித் திரும்ப டைப் செய்யச் சொன்னேன். மிச்ச இரண்டு நாளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ட்ரையருக்குப் போனார்.

இது ஜூலையில் நடந்தது. நேற்று 500 என்று கணித்தார், தராசு 515 காட்டியது.