ஆடிட்டர் கொடுத்த லாப நட்டக் கணக்கில் கையெழுத்துப் போடும் முன்

மளிகைக் கடையின் வருடக் கணக்கு ஒருவழியாகச் சரியாகி வந்துவிட்டது. முதலில் வந்த தாளில் மொத்த லாபம் 18 சதவீதம் என்று இருந்தது. அரிசி, எண்ணெய், சர்க்கரை என்று மார்ஜின் மெலிந்த சரக்கே பாதிக்கு மேல் ஓடும் கடையில் சராசரி 18 வரவே வராது. ஆடிட்டர் ஆபீசில் இருந்தவர், "டோட்டல் ரெண்டு பக்கமும் டேலி ஆகுதே சார், கையெழுத்துப் போடுங்க" என்றார். இரண்டு பக்கமும் டேலி ஆவது கூட்டல் சரி என்பதற்குத்தான் சாட்சி. போட்ட எண் சரியா என்பதை அது சொல்லாது.

விற்பனை 40 லட்சம். இது ஜிஎஸ்டி நீக்கிய தொகையாக இருக்க வேண்டும். பில்லிங் மெஷினில் வரும் மொத்த வசூலை அப்படியே போட்டிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். ஆரம்ப இருப்பு 5 லட்சம், கொள்முதல் 34,60,000, லாரி வாடகையும் இறக்குகூலியும் 40,000. மூன்றையும் கூட்டினால் 40 லட்சம். அதில் வருடக் கடைசியில் கடையில் மிஞ்சிய சரக்கைக் கழித்தால், விற்றுப்போன சரக்கின் அடக்கம் கிடைக்கும்.

வினை அந்த இறுதி இருப்பில்தான் இருந்தது. 7,20,000 என்று போட்டிருந்தார்கள். பில்லிங் சாப்ட்வேரின் ஸ்டாக் ரிப்போர்ட்டை எடுத்து அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். அந்த ரிப்போர்ட் எம்ஆர்பியில் மதிப்புப் போட்டிருந்தது. இருப்பை வாங்கிய விலைக்குத்தான் எழுத வேண்டும். தேதி முடியப்போகிற பிஸ்கட், கட்டிப்போன மாவு போன்றவை வாங்கிய விலைக்கும் போகாது என்றால், என்ன விலைக்குப் போகுமோ அதைத்தான் எழுத வேண்டும். கொள்முதல் பில்லை வைத்து ரேக் ரேக்காக எண்ணியபோது வந்தது 6,00,000.

அடக்கம் 34 லட்சம், மொத்த லாபம் 6 லட்சம், விற்பனையில் 15 சதவீதம். 1,20,000 ரூபாய் லாபம் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கிறது. விட்டிருந்தால் அதற்கும் சேர்த்து வரிக்கணக்கு ஏறியிருக்கும். அந்தப் பொய் இருப்பே அடுத்த வருடம் ஆரம்ப இருப்பாக வந்து, அந்த வருட லாபத்தில் அதே 1,20,000-ஐத் தின்றிருக்கும். உங்கள் தாளில் மொத்த லாபம் திடீரென்று கூடினாலோ குறைந்தாலோ முதலில் பார்க்க வேண்டிய இடம் இறுதி இருப்புதான்.

இந்த 15-ஐ விலை வைக்கும்போது நாம் போடும் சதவீதத்தோடு ஒப்பிடக்கூடாது. 80 ரூபாய்க்கு வாங்கி 100-க்கு விற்றால் அடக்கத்தின் மேல் 25 சதவீதம். தாளில் அது விற்பனையின் மேல் 20 என்றுதான் வரும்.

அதற்குக் கீழே கடைச் செலவுகள்: வாடகை 1,44,000, ஒரு ஆள் சம்பளம் 1,20,000, கரண்ட் 48,000, கடன் வட்டி 36,000, கவர், போன், சில்லறைச் செலவு 32,000, ஃபிரிட்ஜ் தேய்மானம் 20,000. ஆக 4 லட்சம். நிகர லாபம் 2 லட்சம், அதாவது 5 சதவீதம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நோய் எங்கே என்று பிடிபடும். மொத்த லாபம் 15-லேயே நின்று நிகரம் மட்டும் இறங்கினால் வாடகை, சம்பளம், கரண்டைப் பாருங்கள். மொத்த லாபமே இறங்கினால் கொள்முதல் விலை ஏறியும் விற்பனை விலையை மாற்றாமல் விட்டிருக்கலாம். அல்லது எடை, கெட்டுப்போனது, களவு. தள்ளுபடியும் அங்கேதான் அடிக்கும். எல்லாருக்கும் 2 சதவீதம் குறைத்து, விற்கும் அளவு கூடாமலே இருந்தால் 80,000 போய்விடும். நிகர லாபமான 2 லட்சத்தில் அது 40 சதவீதம்.

"2 லட்சம் லாபம்னா பணம் எங்கே?" என்ற கேள்விக்கும் தாளிலேயே பாதி பதில் இருக்கிறது. இருப்பு 5 லட்சத்திலிருந்து 6 ஆகியிருக்கிறது. ஒரு லட்சம் ரேக்கில் சரக்காக நிற்கிறது. மீதிக்கு இந்தத் தாளில் வராதவற்றைத் தேட வேண்டும். கடன் தவணையில் வட்டி மட்டுமே இங்கே செலவு, அசல் வராது. வீட்டுக்கு எடுத்த பணமும் வராது. வீட்டுக்கு எடுத்த சாமான் வேறு கதை: அதை எழுதி வைக்காவிட்டால் மொத்த லாபம் குறைந்தது போலத் தெரியும், களவு என்று ஆளைச் சந்தேகப்படுவோம். ஒரு நோட்டில் வாங்கிய விலைக்குக் குறித்துக் கொடுத்தால் ஆடிட்டர் அதைக் கொள்முதலில் கழித்துவிடுவார்.

முதலாளியின் சம்பளமும் செலவில் இல்லை. காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்ததற்கும் சேர்த்துத்தான் அந்த 2 லட்சம். மாதத்துக்கு 16,700-க்குச் சற்றுக் குறைவு. கடை சொந்தக் கட்டடம் என்றால் தாளில் வாடகைச் செலவே இருக்காது. அப்போது அந்த இடத்தை வெளியே விட்டால் என்ன வருமோ அதையும் மனதில் கழித்துப் பாருங்கள்.

போன வருடத் தாளோடு ஒப்பிடும்போது லாரி வாடகை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு வருடம் மேலேயும் மறு வருடம் கடைச் செலவிலும் போட்டால் நிகரம் மாறாது. மொத்த லாபம் மட்டும் 15-லிருந்து 16 ஆகிவிடும். இரண்டு வருடமும் ஒரே இடத்தில் போட்டுத் தரச் சொல்லி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.