வாட்ச் இணைந்தேதான் இருந்தது, மெசேஜ் மட்டும் வரவில்லை

எனக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது, இன்னொன்று அரைகுறை. போன் எவ்வளவு சத்தம் போட்டாலும் பக்கத்து அறையிலிருந்து எனக்கு எட்டாது. அதனால்தான் ஸ்மார்ட்வாட்ச் வாங்கினேன். மணிக்கட்டில் அதிர்ந்தால் போதும், மெசேஜ் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

போன வாரம் மகள் சீக்கிரம் வந்து கூட்டிப்போகச் சொல்லி மூன்று மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். வாட்ச் அசையவே இல்லை. ஒரு மணி நேரம் காத்து நின்றிருக்கிறாள். அன்று இரவே இதைச் சரி செய்யாமல் தூங்கக் கூடாது என்று உட்கார்ந்தேன்.

என்னைக் குழப்பியது, புளூடூத்தில் "இணைக்கப்பட்டது" என்றே காட்டியதுதான். போதாக்குறைக்கு, மகளை அழைக்கச் சொன்னபோது வாட்ச் நன்றாக அதிர்ந்தது. என் வாட்ச் மாதிரி பேசும் வசதி உள்ளவற்றுக்குப் போனோடு இரண்டு இணைப்புகள் உண்டு. அழைப்பு, ஹெட்செட்டுக்குப் போவது போல, போனின் சிஸ்டத்திலிருந்து நேராக வாட்சுக்குப் போகிறது. மெசேஜ் அப்படி இல்லை. போனில் அறிவிப்பு வந்ததும், வாட்சுக்காகப் போனில் போட்டிருக்கும் துணை ஆப் அதைப் படித்து வாட்சுக்கு அனுப்ப வேண்டும். அந்த ஆப் முடங்கிவிட்டால் அழைப்பு வரும், மெசேஜ் வராது. என் வீட்டில் நடந்தது அதேதான்.

முதலில் போனிலேயே அறிவிப்பு வருகிறதா என்று பார்த்தேன். மேலிருந்து திரையை இழுத்தால் மகளின் மெசேஜ் இருந்தது. இங்கே இல்லையென்றால் வாட்சில் தேடுவதில் பயனில்லை. அந்த உரையாடலை ம்யூட் செய்திருக்கலாம், அல்லது கணினியில் அதே ஆப் திறந்திருப்பதால் போனுக்கு அறிவிப்பு வராமல் இருக்கலாம். துணை ஆப்பில் எந்தெந்த ஆப்பின் அறிவிப்பு வேண்டும் என்ற பட்டியலும் உண்டு. அதில் என் மெசேஜ் ஆப் இயக்கத்தில்தான் இருந்தது.

அடுத்து Notification access, அதாவது போனில் வரும் அறிவிப்புகளைப் படிக்க ஓர் ஆப்புக்குக் கொடுக்கும் அனுமதி. என் ஆண்ட்ராய்டு போனில் Settings, Apps, Special app access என்று உள்ளே போனால் இருக்கிறது. போனுக்குப் போன் இடம் கொஞ்சம் மாறும், Settings தேடலில் பெயரைத் தட்டினால் வந்துவிடும். துணை ஆப்புக்கு அனுமதி கொடுத்தே இருந்தது. ஆனாலும் அணைத்து, பத்து விநாடி விட்டு, மறுபடி போட்டேன். மகள் "டெஸ்ட்" என்று அனுப்பிய நொடியில் கை அதிர்ந்தது. இரண்டு நாள் முன்பு துணை ஆப் அப்டேட் ஆகியிருந்தது. அப்போது சிஸ்டத்துக்கும் ஆப்புக்கும் இருந்த தொடர்பு அறுந்திருக்க வேண்டும். ஸ்விட்ச் போட்டபடியே நிற்கும், உள்ளே எதுவும் ஓடாது. அணைத்துப் போட்டால் தொடர்பு புதிதாக ஏற்படுகிறது.

என் தம்பிக்கு அந்த ஸ்விட்சே மங்கலாக இருந்தது, தொட்டால் Restricted setting என்றது. ஆண்ட்ராய்டு 13 முதல், பிளே ஸ்டோருக்கு வெளியே கோப்பாக இறக்கிய ஆப்களுக்கு இந்தத் தடை வரும். ஆப்பின் App info பக்கத்தில் மூன்று புள்ளியைத் தொட்டு Allow restricted settings கொடுத்த பிறகுதான் அவனுக்குத் திறந்தது. இறக்கிய இடம் நம்பகமானதாக இருந்தால் மட்டும் இதைக் கொடுங்கள், உங்கள் அறிவிப்பு அத்தனையையும் அந்த ஆப் படிக்கும்.

நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பார்த்தால் பழைய கதை, போனில் ஐந்து மெசேஜ், வாட்சில் ஒன்றுகூட இல்லை. துணை ஆப்பைத் திறந்து வைத்து மகளை அனுப்பச் சொன்னேன், வந்தது. மூடி, திரையை அணைத்து, அரை மணி நேரம் கழித்து அனுப்பச் சொன்னேன், வரவில்லை. திறந்திருந்தால் வருகிறது, விட்டுவிட்டால் நின்றுபோகிறது என்றால், பேட்டரியை மிச்சப்படுத்தப் போனே ஆப்பைக் கொன்றுவிடுகிறது என்று அர்த்தம்.

App info-வில் Battery-க்குள் போய் Unrestricted என்று மாற்றினேன். என் போனில் Autostart என்று தனி ஸ்விட்ச் வேறு இருந்தது, அதையும் போட்டேன். சில போன்களில் "தூங்கும் ஆப்கள்" என்று ஒரு பட்டியல் இருக்கும், துணை ஆப் அதில் இருந்தால் எடுத்துவிட வேண்டும். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். சமீபத்திய ஆப்களை எல்லாம் ஒரேயடியாகத் தள்ளி மூடும் பழக்கம் எனக்கு உண்டு, என் போனில் அதுவே துணை ஆப்பை நிறுத்திவிடுகிறது. அந்தத் திரையில் ஆப்பின் மேல் பூட்டுக் குறி வைத்ததும் தள்ளினாலும் அது போகவில்லை.

மறுபடி அதே அரை மணி நேரச் சோதனை. திரையை அணைத்து, போனைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கை அதிர்ந்தது. பிறகு போனை ரீஸ்டார்ட் செய்து, துணை ஆப்பைத் தொடாமல், மகளை இன்னொரு முறை அனுப்பச் சொன்னேன். "அப்பா, வருதா?" என்று வாட்சில் எழுத்து ஓடியது.