கான்டினென்டல் பிராக்டிகலில் தோலோடு கொடுவா ஃபில்லெட்: தீயும் நேரமும்

கேட்டரிங் கல்லூரியில் என் கடைசி வருட கான்டினென்டல் பிராக்டிகலில் சீட்டில் வந்தது இதுதான்: தோலோடு கூடிய கொடுவா மீன் ஃபில்லெட்டை ஃப்ரை பேனில் சமைத்து, எலுமிச்சை வெண்ணெய் சாஸோடு பரிமாற வேண்டும். சாஸை எல்லோரும் ஓரளவு சமாளித்துவிடுவார்கள். மதிப்பெண் பிரிவது மீனில்தான். தோல் மொறுமொறுப்பாக இருக்க வேண்டும், உள்ளே சதை ஈரமாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே துண்டில் வருவதற்குத் தீயை எப்படி வைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், சீட்டில் சங்கரா வந்தாலும் சால்மன் வந்தாலும் கவலையில்லை.

முதலில் தோல் எதனால் மொறுமொறுப்பாகிறது என்று பார்ப்போம். வைவாவில் கேட்கிற கேள்வியும் அதுதான். மீன் தோலில் பெரும்பகுதி தண்ணீரும் கொலாஜனும். கொலாஜன் சூட்டில் இளகி ஜெலட்டினாக மாற வேண்டும், அதன்பிறகு தண்ணீர் வெளியேறி அது காய வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை தோலின் சூடு ஏறக்குறைய 100 டிகிரியிலேயே நிற்கும், அதைத் தாண்டினால்தான் பொன்னிறமும் மொறுமொறுப்பும் வரும். தீயை முழுக்க வைத்தால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். ஆனால் வெளிப்பக்கம் கருகத் தொடங்கும்போது உள்பக்கம் இன்னும் ரப்பராகவே இருக்கும். அதனால் மிதமான தீயும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். அதற்கும் முன்னால், தோலில் இருக்கும் தண்ணீரைக் கத்தியாலும் துணியாலும் எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு எடுத்துவிட வேண்டும்.

செதில் மிச்சமிருக்கிறதா என்று விரலால் எதிர்ப்பக்கமாகத் தடவிப் பாருங்கள். அப்புறம் கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் தோலை அழுத்தி வழியுங்கள். ஈரமில்லாத தோல் என்று நினைப்பதிலிருந்தே சாம்பல் நிறத்தில் தண்ணீர் வரும். வழிப்பது, டிஷ்யூவால் துடைப்பது என்று வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யலாம். தோல் பக்கம் உப்புத் தூவி 15 நிமிடம் தட்டில் விடுங்கள். உப்பு இழுத்து மேலே கொண்டுவரும் ஈரத்தையும் துடைத்துவிடுங்கள். சதைப் பக்கத்துக்கு உப்பு போடுவது சட்டியில் வைப்பதற்குச் சற்று முன்னால்தான். இந்த 15 நிமிடத்தில் மீனின் ஃப்ரிட்ஜ் குளிரும் கொஞ்சம் குறைந்துவிடும். சாஸுக்கு வேண்டியதை வெட்டி வைக்கவும் இதே நேரம் போதும். மாவில் புரட்டினால் ஈரத்தை மாவு வாங்கிக்கொள்ளும், வேலையும் சுலபம். ஆனால் அது மூனியர் முறை. சீட்டில் அப்படிக் கேட்டிருந்தால் ஒழிய மாவைத் தொடாதீர்கள்.

அடிகனமான சட்டியாகத் தேடி எடுங்கள். மெல்லிய அலுமினியச் சட்டியில் மீனை வைத்ததும் சூடு விழுந்துவிடும், தோல் ஒட்டிக்கொள்ளும். ஒரு மேசைக்கரண்டி ரீஃபைண்டு எண்ணெய் ஊற்றி மிதத்துக்குச் சற்று மேலான தீயில் காய விடுங்கள். எண்ணெய் நெளிந்து ஓடி, புகை வரப்போகிற நேரம் சரியான நேரம். வெண்ணெய் இப்போது வேண்டாம், அதிலுள்ள பால் பொருள் கருகிவிடும்.

எனக்குக் கிடைத்தது சுமார் 180 கிராம் எடையுள்ள துண்டு, நடுவில் இரண்டரை சென்டிமீட்டர் தடிமன். தோல் கீழே இருக்கும்படி, துண்டை நம்மிடமிருந்து எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வைக்க வேண்டும், எண்ணெய் தெறித்தாலும் கை தப்பும். வைத்த உடனே தோல் சுருங்கி, ஓரங்கள் மேலே எழும்பும். தோசைக் கரண்டியைத் தட்டையாக வைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சதை நசுங்கும் அளவுக்கு வேண்டாம், தோல் முழுதும் சட்டியைத் தொட்டால் போதும். இந்த அரை நிமிடத்தை விட்டுவிட்டால் நடுவில் மட்டும் தோல் வெளிறிப்போய் நிற்கும், பிறகு அதைச் சரிசெய்ய முடியாது.

அதன்பின் தீயை மிதத்துக்கு இறக்கிவிட்டு மீனைத் தொடாமல் விடுங்கள். பரீட்சையில் கடினமான பகுதி இதுதான், எக்ஸாமினர் பக்கத்தில் நின்றால் கை தானாக மீனை நோண்டப் போகும். அந்த நேரத்தில் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கண்ணாடி போல இருந்த சதை கீழிருந்து வெள்ளையாக மாறிக்கொண்டே மேலே ஏறும். சத்தத்தையும் கேளுங்கள். தொடக்கத்தில் தண்ணீர் போகும் பலத்த சத்தம், தோல் காயக் காய மெல்லிய சடசடப்பாகக் குறையும். சத்தம் அப்படியே அடங்கிவிட்டால் தீ குறைந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெய் புகைந்தால் தீ அதிகம்.

என் துண்டுக்கு மூன்றாவது நிமிடத்தில் வெள்ளை பாதிக்கும் கீழேதான் இருந்தது. ஆறாவது நிமிடத்தை நெருங்கியபோது முக்கால் பாகம் ஏறி, மேலே நடுவில் ஒரு பட்டை மட்டும் பச்சையாகத் தெரிந்தது. கரண்டியை ஓரத்தில் நுழைத்தால் துண்டு தானாக நகர்ந்தது. நகராவிட்டால் சுரண்டக் கூடாது. அரை நிமிடம் கூடுதலாக விட்டால் பெரும்பாலும் தானே விட்டுவிடும். திருப்பி, தீயை அணைத்து, ஒரு துண்டு வெண்ணெய் போட்டேன். சட்டியில் இருந்த சூட்டிலேயே சதைப் பக்கம் 45 நொடி போதுமானது. உருகிய வெண்ணெயைத் தோல்மீது ஊற்றாதீர்கள், அதிலும் தண்ணீர் இருக்கிறது.

வெந்ததா என்பதை மெல்லிய கம்பியால் பார்க்கலாம். தடிமனான இடத்தில் குத்தினால் தடையின்றி உள்ளே போக வேண்டும். சில நொடி வைத்து எடுத்து, உதட்டுக்குக் கீழே வைத்தால் நல்ல வெதுவெதுப்பு தெரிய வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால், நடுவில் 55 டிகிரி காட்டும்போது எடுத்துவிடுவேன். வெளியே எடுத்த பிறகும் சில டிகிரி ஏறும். ஆனால் அமெரிக்க உணவுப் பாதுகாப்பு வழிகாட்டல் மீனுக்குச் சொல்வது 63 டிகிரி. உங்கள் கல்லூரியில் அந்த எண்ணைச் சொல்லிக்கொடுத்திருந்தால் 60-இல் எடுத்துத் தட்டில் 63-ஐத் தொட்டதா என்று அளந்து பாருங்கள். கொடுவாவில் கொஞ்சம் கொழுப்பு உண்டு, அந்தச் சூட்டையும் தாங்கும். அதற்கு மேலே போனால் சதை நார்நாராகப் பிரிந்து காய்ந்துவிடும்.

வெட்டிய துண்டு வால்பக்கமாக இருந்தால் ஒரு ஓரம் மெலிந்திருக்கும். அந்த ஓரத்தைச் சட்டியின் சூடு குறைந்த பக்கமாகத் திருப்பி வையுங்கள். தடிமன் ஒன்றரை சென்டிமீட்டர்தான் என்றால் தோல் பக்கம் நான்கு நிமிடத்தைத் தாண்டாது. சங்கராவுக்குத் தோல் மெல்லியது, சுருங்குவதும் அதிகம், தோலில் மட்டும் ஆழமில்லாமல் இரண்டு மூன்று கீறல் போட்டுவிடுங்கள். சால்மன் தோலுக்கு அடியில் கொழுப்பு நிறைய இருப்பதால், குளிர்ந்த சட்டியிலேயே வைத்து மிதமான தீயில் தொடங்கலாம், கொழுப்பு மெதுவாக உருகி அதிலேயே தோல் பொரியும். அதன் பக்கவாட்டில் வெள்ளைத் திரள் நிறையக் கசிந்தால் சூடு மிஞ்சிவிட்டது.

தட்டில் வைக்கும்போது தோல் மேலே, சாஸ் கீழே. தோல்மீது சாஸ் ஊற்றினாலோ, மீனை மூடி வைத்தாலோ ஆவியிலேயே தோல் நமுத்துவிடும். அதனால் சாஸும் பக்கக் காய்கறியும் முடிந்து, தட்டும் தயாரான பிறகுதான் மீன் சட்டிக்குள் போக வேண்டும். எக்ஸாமினர் கத்தியால் தோலைத் தட்டிப் பார்ப்பதற்கும் மீன் சட்டியை விட்டு வந்ததற்கும் நடுவே ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.