சிவப்பு மையில் ஒரு 2

காலையில் வேளச்சேரி தண்ணீர் கேன் கடையில் அண்ணாச்சியின் நோட்டைப் புரட்டினேன். ஒரு பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் வட்டமிட்டு 2 என்று இருந்தது.

"இது என்ன அண்ணாச்சி?"

"காலி கேன் ரெண்டு வரணும் தம்பி."

இந்த நோட்டுக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு டேட்டாபேஸ் செய்கிறேன். நேற்று இரவே அதற்கான டேபிள் எல்லாம் எழுதி முடித்திருந்தேன். அதில் காலி கேனுக்கு இடமே இல்லை. ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் பிரைமரி கீயாகப் போன் நம்பரை வைத்திருந்தேன். நோட்டிலோ ஒரே நம்பருக்குக் கீழே இரண்டு வீடுகள். மகள் ஒருத்தி தன் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் சேர்த்துச் சொல்கிறாள்.

சரி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பேப்பரில் கட்டம் போட்டேன். வாடிக்கையாளர், வீடு, டெலிவரி. ஒருவருக்குப் பல வீடு, ஒரு வீட்டுக்குப் பல டெலிவரி. இந்தக் கான்செப்சுவல் படத்தில் டேபிள், கீ எதுவும் இல்லாததால் அண்ணாச்சியாலேயே படித்துத் திருத்த முடிந்தது.

அப்புறம்தான் லாஜிக்கல் டிசைன். மூன்றும் டேபிள் ஆயின. டெலிவரியில் வீட்டு எண் ஃபாரின் கீ, அதாவது அந்த டெலிவரி வீடு டேபிளில் எந்த வரிக்குரியது என்று காட்டும் எண். அந்தச் சிவப்பு 2-க்குத் தனி இடம் வைக்கவில்லை. ஒவ்வொரு டெலிவரியிலும் கொடுத்த கேன், திரும்பிய கேன் என இரண்டு எண்கள். கூட்டிக் கழித்தால் பாக்கி வந்துவிடும். பாக்கியைத் தனியாக எழுதி வைத்தால், ஒரு நாள் மாற்ற மறந்தாலும் இரண்டு கணக்கும் முட்டிக்கொள்ளும்.

டேட்டாவை எப்படிச் சேமித்துத் தேடுவது என்ற பிசிக்கல் டிசைனில் இப்போதைக்கு ஒன்றுதான்: அண்ணாச்சி பாக்கியை வீடு வாரியாகக் கேட்பார் என்பதால், சீக்கிரம் தேடி எடுக்க டெலிவரி டேபிளின் வீட்டு எண்ணில் ஒரு இன்டெக்ஸ்.

நாளை டெலிவரி வண்டியில் கூடப் போகிறேன். மூன்றாம் மாடிக்குத் தனிக் கூலி என்று பையன் ஏதோ சொன்னான்.